நிவேதா கேட்ட இரண்டு தமிழ்

சாத்தூரில் வீட்டு வாசலில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. நிவேதாவின் கணவர் கார்த்திக் அனுப்பியிருந்தார். "நிவி பாஸ்டு அவே. ஃப்யூனரல் நாளைக்கு மார்னிங். சாரி, கால் பண்ண முடியல." காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்த்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. நானே அழைத்தேன். எடுத்ததும், "போயிட்டா அண்ணா" என்றார்.

அந்த இரண்டு விதச் சொல்லையும் நிவேதா கேட்டிருந்தால் கவனித்திருப்பார். நெருப்பாகச் சுடும் செய்தியை நம் பிள்ளைகள் ஏன் இங்கிலீஷில் எழுதுகிறார்கள் என்று நான் ஒருமுறை அவரிடம் குறைபட்டுக்கொண்டேன். "அது திமிரு இல்ல சார், கைப்பிடித் துணி. சூடான பாத்திரத்தை வெறுங்கையால தூக்க முடியுமா?" என்றார்.

விருதுநகரில் நாங்கள் வேலை பார்த்த மருத்துவமனையை அறிந்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். பக்கவாதத்தாலும் விபத்தாலும் பேச்சு போனவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். சென்னையில் பிறந்து வளர்ந்தவர். முப்பத்து நான்கு வயது. நான் அடுத்த அறையில் கைகால்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். எங்கள் இரு அறைகளுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அதனால் ஐந்து வருடமும் அவர் குரல் என் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இப்போதும் மதிய வெயிலில் கண் செருகும்போது அது கேட்பதுபோல இருக்கிறது.

அவர் வந்த முதல் வாரம் எனக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. வந்திருந்த ஒரு அம்மாளிடம், "ஃபைவ் மினிட்ஸ் வெயிட் பண்ணுங்க, ரிப்போர்ட் செக் பண்ணிட்டு கால் பண்றேன்" என்றார். அந்த அம்மாள் என்னிடம் வந்து, "என்னமோ பண்ணுங்கிறாக, என்ன பண்ணணுமாம்யா?" என்று கேட்டார். நான் நிவேதாவிடம் போய், தமிழ்நாட்டில் தமிழே பேசக் கூடாதா என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. மேசைமேல் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். "நான் பேசினது தமிழ்தான் சார். ‘வெயிட்’ மட்டும்தான் வெளியூரு. ‘பண்ணுங்க’தான் வீட்டுக்காரர். மரியாதை, காலம், யாரு செய்யணும், எல்லாத்தையும் அதுதான் சொல்லுது. ‘வெயிட்டுங்க’ன்னு யாராவது சொல்றாங்களா? கடையை நான் சாத்தினா ‘க்ளோஸ் பண்ணேன்.’ தானா சாத்திக்கிட்டா ‘க்ளோஸ் ஆயிடுச்சு.’ எங்க பசங்க ஒருத்தன்கூட இதை மாத்திச் சொல்ல மாட்டான். யாரும் கத்துத் தரல. ‘ஆபீஸ்’ங்கிற சொல்லோட ‘க்கு’ சேரும், ‘ல’ சேரும். வினை கடைசியிலதான் வரும். வீடு தமிழ் வீடு. சாமான்தான் மாறுது."

பிறகு சிரித்துக்கொண்டு, "உங்க ஊர்ப் பெரியவங்க மட்டும் என்ன? சாவி, சன்னல், ஜில்லா, வசூல், லோடு, சீசன். எல்லாம் வந்த சொல்லுதானே? அவங்க முழுங்கிச் செரிச்சிட்டாங்க. நாங்க இன்னும் வாயில வச்சிருக்கோம்" என்றார்.

ஆனால் அந்த அம்மாளுக்குப் புரியவில்லையே என்ற என் கேள்வி அப்படியே நின்றது. அதற்கான விடை சில மாதம் கழித்து, எங்கள் இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

வாரத்தில் இரண்டு நாள் நாங்கள் சிவகாசிக்கு வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்போம். பேருந்தில் ஏறியதும் நிவேதா கண்ணை மூடிக்கொள்வார். தூக்கம் அல்ல, கேட்பது. கருவேலங்காடு வெயிலில் மிதந்து பின்னால் போகும். திருத்தங்கல் நெருங்கும்போது அச்சகங்களின் மை வாசனை ஜன்னல் வழியே வரும். வெடி ஆலைக்குப் போகும் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், மூட்டையோடு பெரியவர்கள் என எல்லாருடைய பேச்சும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, தண்ணீருக்கடியில் இருந்து கேட்பதுபோல ஆகிவிடும். இறங்கும்போது ஏதாவது ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு இறங்குவார். "‘டேசன்’னு ஒருத்தர் சொன்னார், பக்கத்துலயே அவர் பேத்தி ‘ஸ்டேஷன்’ங்கிறா. ஒரே இடத்துக்குத்தான் போறாங்க" என்பார்.

அப்படிப் போன ஒரு வீட்டில்தான் ராஜாமணி ஐயாவைப் பார்த்தோம். வெடி ஆலை நடத்தியவர். எழுபத்தெட்டு வயது. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்திருந்தது, பேச்சும் நின்றிருந்தது. ஏற்கெனவே வைத்தியம் பார்த்த இடத்தில், பிறர் சொல்வதும் அவருக்குப் புரியவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மகன் அதை நம்பி, பெங்களூரில் முதியவர்களைப் பராமரிக்கும் ஒரு விடுதியில் இடம் பார்த்து வைத்திருந்தார். "எங்க இருக்கோம்னே தெரியாதவருக்கு எந்த ஊரா இருந்தா என்ன மேடம்?" என்று ஐயாவின் கட்டிலருகில் நின்றே சொன்னார். ஐயா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிவேதா சோதனையைத் தொடங்கினார். "தாத்தா, லெஃப்ட் ஹேண்ட லிஃப்ட் பண்ணுங்க." அசைவில்லை. "ஐஸ் க்ளோஸ் பண்ணுங்க." இல்லை. இன்னும் நான்கைந்து. எல்லாவற்றுக்கும் படிவத்தில் பூஜ்யம் போட்டார். மகன் தலையசைத்தார்.

அந்த நேரம் ஆலையில் முப்பது வருடம் கண்காணியாக இருந்த மாரிச்சாமி பார்க்க வந்திருந்தார். வாசற்படியில் நின்றவர் பொறுக்க முடியாமல், "மொதலாளி, அந்தப் பீச்சாங்கையத் தூக்குங்க மொதலாளி" என்றார்.

இடது கை மெதுவாக எழுந்தது. எழுந்து, காற்றில் அப்படியே நின்றது.

நிவேதாவின் முகம் வெளுத்துப்போனது. பிறகு மாரிச்சாமியைக் கட்டிலருகில் உட்காரவைத்தார். "நான் காதுல சொல்றதை உங்க பேச்சுல சொல்லுங்க ஐயா. ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கணும். கண்ணால ஜாடை காட்டக் கூடாது" என்றார். ஜாடையைப் பார்த்துச் செய்தாரா, சொல்லைக் கேட்டுச் செய்தாரா என்று தெரிய வேண்டுமே.

"கண்ண மூடுங்க மொதலாளி." மூடினார். "மூக்கத் தொடுங்க." தொட்டார். "வெடிய ஈரத்துல காயப் போடுவாகளா?" ஐயாவின் உதட்டோரம் அசைந்தது. தலை இல்லையென்று ஆடியது. நிவேதா இன்னொன்றையும் பார்த்தார். "ஷிப்மெண்ட் டிஸ்பாட்ச் ஆயிடுச்சா?" என்று அவரே கேட்டபோது ஐயாவின் முகம் வெறுமையாக இருந்தது. மாரிச்சாமி, "லோடு போயிருச்சா மொதலாளி?" என்றதும் பார்வை வாசல் பக்கம் போனது. "லைட் ஆன் பண்ணவா" என்றதற்கு ஒன்றுமில்லை. "லைட்டு போடவா" என்றதற்குத் தலையசைத்தார்.

நிவேதா எழுந்து மகனிடம் படிவத்தை நீட்டினார். பூஜ்யங்களைக் குறுக்கே அடித்திருந்தார். "இது என்னோட தப்பு சார். இவருக்குப் புரியுது. நான் பேசினதுதான் இவருக்கு எட்டல. நல்லா இருந்தப்போ எட்டியிருக்கும். இப்போ தலைக்குள்ள பாதித் தெரு அடைபட்டுக் கிடக்கு. ஆயிரம் தடவை நடந்த தெரு மட்டும் திறந்திருக்கு. அதுல இங்கிலீஷும் இருக்கு, ஆனா அவர் நடந்த இங்கிலீஷ்."

மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒருவர் தன் தவறை, அதுவும் வீட்டாருக்கு முன்னால், இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. மகன் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தான் அதுவரை அந்த அறையில் பேசியதையெல்லாம் அவர் அப்போது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் பேத்தி ஹரிணி பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். "தாத்தா, ஐ மிஸ்டு யூ ஸோ மச். எப்படி ஃபீல் பண்றீங்க?" என்றாள். ஐயா அவளை வெறுமையாகப் பார்த்தார். அவள் கண் கலங்கி வெளியே வந்தாள். "என்னை ரெகக்னைஸே பண்ணல மேடம்."

"அதையே தமிழ்ல சொல்லிப் பாரேன்."

ஹரிணி யோசித்தாள். "நான் உங்களை... மிஸ்..." நின்றுவிட்டது. "அதுக்குத் தமிழ்ல என்ன மேடம்?"

நிவேதாவுக்கும் தெரியவில்லை. அதை மறைக்கவும் இல்லை. "லீவு முடிஞ்சு நீ கிளம்பிப் போனப்புறம் தாத்தா போன்ல என்ன சொல்வார்?" என்று மட்டும் கேட்டார்.

"‘ஒன்னத் தேடுதுத்தா’ம்பார்..." சொல்லும்போதே அவள் குரல் மாறியது. உள்ளே போனாள். நாங்கள் வாசலில் நின்றோம். "தாத்தா, எனக்கு ஒங்களத் தேடுச்சு" என்று கேட்டது. பிறகு உடைந்த, கரகரத்த ஒரு குரல். பக்கவாதத்துக்குப் பின் அவர் பேசிய முதல் சொல், பேத்தியை வழக்கமாக அழைக்கும் சொல். "ஏத்தா."

ஐயா பெங்களூருக்குப் போகவில்லை. முழுப் பேச்சு திரும்பவில்லை என்றாலும், கேட்டதற்குப் பதில் சொல்லவும் வேண்டியதைக் கேட்கவும் வந்துவிட்டது. போன தீபாவளிக்கு ஆலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஹரிணியிடம் இங்கிலீஷ் கலந்து பேசாதே என்று நிவேதா ஒருநாளும் சொன்னதில்லை. "உன் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கல. தாத்தாகிட்ட அவர் கலக்கிற மாதிரி கல" என்றுதான் சொன்னார்.

இதையெல்லாம் பார்த்து நான் ஒரேயடியாகத் தமிழ்ப் பக்கம் சாய்ந்துவிட்டேன். திருத்தங்கலில் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை பார்த்த ஒரு பெண் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு வந்தபோது, நல்ல தமிழிலேயே எல்லாம் கேட்டேன். ஊதா நிறத்தைக் காட்டு என்றேன், விழித்தாள். புதன்கிழமைக்கு அடுத்தது என்ன என்றேன், தடுமாறினாள். நினைவு பிசகியிருக்கிறது என்று எழுதப்போனேன். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "அண்ணா, வயலட்னு கேளுங்க. வெட்னெஸ்டேக்கு அப்புறம்னு கேளுங்க." இரண்டுக்கும் உடனே விடை வந்தது. கிழமையும் நிறமும் எண்ணும் அவளுக்கு இங்கிலீஷில்தான் வாழ்ந்துகொண்டிருந்தன. நானும் அன்று என் தாளில் குறுக்கே கோடு போட்டேன். நிவேதா என்னை அண்ணா என்று அழைத்ததும் அன்றுதான் முதல்முறை.

நிவேதாவின் அடக்கத்தன்று மாரிச்சாமி வந்திருந்தார். கூட்டத்தில் என்னைத் தேடிவந்து, "அந்தப் பிள்ளை போன மாசம்கூட எங்கிட்ட ஒரு சொல்லு கேட்டுச்சுங்க. நம்ம பேச்ச எம்புட்டு ஆசையாக் கேக்கும்" என்றார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மருத்துவமனையில் நிவேதாவின் மேசையை ஒழித்துக் கொடுக்கச் சொன்னார்கள். இழுப்பறையில் சோதனைப் படிவங்கள் ஒரு கட்டு இருந்தன. ஒவ்வொன்றிலும் முதல் கேள்விக்கு மேலே, அச்சில் இல்லாத ஒரு வரியைப் பேனாவால் எழுதி, கோடிட்டு இடம் விட்டிருந்தார்: "இவர் வீட்டில் எப்படிப் பேசுவார்?" மற்றதையெல்லாம் கார்த்திக்கிடம் கொடுத்துவிட்டு அந்தக் கட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். நேற்று தாயில்பட்டியிலிருந்து ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் மகளை உட்காரவைத்து அந்த முதல் வரியைக் கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். இடம் போதவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினேன்.