வெற்றிலைச் சாறு படிந்த பக்கம்

அந்தப் பக்கத்தை விரல் நுனியால்தான் பிடித்தேன். எங்கள் மருந்தியல் துறைத் தலைவர் வெற்றிலை போடுபவர். எச்சில் தொட்டுத்தான் தாளைப் புரட்டுவார். இதயச் செயலிழப்பு மருந்துகளைப் பற்றிப் பல வருடங்களாக அவர் வைத்துப் பாடம் நடத்திவந்த கையெழுத்துப் பக்கம் அது. நீலம், கறுப்பு, பச்சை என்று அவ்வப்போது செருகிய வரிகள், எங்கே போகின்றன என்று தெரியாத அம்புக்குறிகள், நடுவில் காய்ந்துபோன செந்நிறக் கறை.

"பசங்களுக்கு ரிவிஷனுக்கு ஒரு டேபிளா போட்டுக் குடும்மா. அப்படியே போடு, ஒண்ணும் மாத்தாத" என்றார். நான் அப்போது அங்கே முதுகலை மாணவி.

ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டில் அதை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட பிறகுதான் மேஜை மேல் வைத்தேன். அப்படியும் புகையிலை வாடை வந்தது. கறைக்கு அடியில் "36 மணி" என்று மட்டும் படிக்க முடிந்தது. எதற்கும் எதற்கும் நடுவில் என்று தெரியவில்லை. புத்தகத்தைத் திறந்து உறுதி செய்தேன்: எனலாப்ரில் வகை மருந்தை நிறுத்தி முப்பத்தாறு மணி நேரம் கழித்துத்தான் சாக்குபிட்ரில் சேர்ந்த மாத்திரையைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் முகமும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைத்துவிடலாம். அவர் எழுதிய பக்கத்தில் அந்த '36 மணி'யின் அம்பு, பீட்டா பிளாக்கர் என்ற வேறு வகை மருந்தை நோக்கித் தவறாகப் போயிருந்தது.

அந்த வகையில் மெட்டோபுரோலால் என்று மொட்டையாக எழுதியிருந்தார். அதன் சக்சினேட் உப்புக்குத்தான் பலன் நிரூபணமாகியிருக்கிறது என்று சேர்த்தேன். நோயாளிக்கு நீர் கோர்த்து மூச்சுத் திணறும் நிலையில் அதைப் புதிதாகத் தொடங்கக் கூடாது என்பதையும் எழுதினேன். ஸ்பைரோனோலாக்டோனுக்கு எதிரே, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று குறித்தேன். பிறகு அட்டவணையை இரண்டாகப் பிரித்தேன். பம்ப் செய்யும் சக்தி குறைந்த இதயத்தில் ஆயுளைக் கூட்டும் நான்கு வகை மருந்துகள் மேலே. சர்க்கரை நோய்க்கு வந்து இதயத்துக்கும் உதவும் கிளிஃப்ளோசின் வகையும் அதில் ஒன்று. வீக்கத்தைக் குறைக்கும் ஃபுரோசிமைடு, ஆஸ்பத்திரியில் சேர்வதைக் குறைத்தாலும் ஆயுளைக் கூட்டாத டைகாக்சின் இரண்டும் கீழே.

மறுநாள் அதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"நான் எழுதுனத ரெண்டா வெட்ட நீ யாரு?"

"சார், ஃபுரோசிமைடையும் மெட்டோபுரோலாலையும் ஒண்ணா போட்டா பசங்க குழம்பிடுவாங்க. அந்த முப்பத்தாறு மணி நேரமும்…"

"அதெல்லாம் பரீட்சைக்கு வராது." எச்சிலை ஜன்னல் வழியே துப்பினார். அதன் ஒரு துளி என் அட்டவணையின் ஓரத்தில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பொருட்படுத்தவில்லை.

அலுவலக டைப்பிஸ்ட்டிடம் பழைய பக்கத்தையே கொடுத்து, எல்லா மருந்தையும் 'ஆயுளைக் கூட்டுபவை' என்ற ஒரே தலைப்பில் அடிக்க வைத்தார். கட்டங்கள் அழகாக இருந்தன. மாணவர் குழுவின் வாட்ஸ்அப்பில் அது ஓடியது. பஸ்ஸில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது அதைத் திறந்து பார்த்தேன். அழுக்குப் பக்கம் பரவாயில்லை, அதைப் பார்த்தால் யாரும் சந்தேகப்படுவார்கள். இப்படிச் சுத்தமாக அடித்துவைத்த தப்பை யார் சந்தேகப்படுவார்கள்?

அடுத்த வார வகுப்பில் ஒரு மாணவி எழுந்தாள். "சார், ஃபுரோசிமைடு ஆயுளைக் கூட்டும்னு டேபிள்ல இருக்கு. புக்குல அப்படி இல்லையே?"

அவர் சிரித்துக்கொண்டே கடைசி பெஞ்சில் இருந்த என்னைக் காட்டினார். "மேடம் போட்ட டேபிள். அவசரத்துல தப்பா அடிச்சுட்டாங்க போல."

அரங்கமே திரும்பிப் பார்த்தது. எழுந்தேன்.

"அது நான் போட்டது இல்ல சார். நான் போட்டது இது." லேப்டாப்பை எடுத்துக்கொண்டு முன்னால் போய்த் திரையில் என் அட்டவணையைக் காட்டினேன். "ஃபுரோசிமைடு கீழ் பகுதியில இருக்கு. எனலாப்ரில்லேர்ந்து சாக்குபிட்ரிலுக்கு மாத்தும்போது இந்த முப்பத்தாறு மணி நேர இடைவெளிய மறக்காதீங்க. இத மறந்தா நஷ்டம் மார்க்குல இல்ல, நோயாளியோட தொண்டையில."

பேனாக்கள் வேகமாக ஓடின. அவர் வாயில் இருந்ததை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"ஆமாமா, இப்படித்தான் நான் மாத்தச் சொல்லியிருந்தேன். எல்லாரும் இதையே வச்சுக்குங்க."

பசங்களுக்குச் சரியான அட்டவணை கிடைத்துவிட்டது. அது போதும் என்றுதான் நினைக்க வேண்டும். ஆனால் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது, "பாத்தியா, என்ன அழகா வந்துடுச்சு" என்று அவர் என் தோளில் தட்டினார். நேராகக் குழாயடிக்குப் போய் அவர் கை பட்ட துப்பட்டாவின் ஓரத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். வீடு வந்து சேரும்வரை அது ஈரமாகவே இருந்தது.