வேலைக்கு முன்னால் ஒரு விசாரணை

அவளுக்கு ‘விசாரணைக் கமிஷன்’ என்று பட்டப்பெயர் வைத்தது கணவன்தான். கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் இணையத்தில் பேஜ் நடத்திக் கொடுப்பது அவள் வேலை. சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலைதான் அலுவலகம். யார் வேலை கொடுக்க வந்தாலும் முதலில் ஒரு கேள்விப் படிவத்தின் லிங்க்கை அனுப்பிவிடுவாள். அதற்குப் பதில் வராமல் விரல் நுனியைக்கூட அசைக்க மாட்டாள்.

இந்தப் பிடிவாதம் பட்டுத் தெரிந்துகொண்டது. ஆரம்பத்தில் ஒரு அழகு நிலையத்துக்குக் கேள்வி கேட்காமல் வேலையைத் தொடங்கினாள். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இளஞ்சிவப்பில் படங்களைச் செய்து குவித்தாள். நிலையத்தின் சொந்தக்காரி பார்த்துவிட்டு, “எனக்கு இந்தக் கலரைக் கண்டாலே ஆகாதே” என்றாள். திரும்பப் பச்சையில் செய்தாள். அதை ஒப்புக்கொள்ள வேண்டியவர் சொந்தக்காரியின் அக்கா என்பது அப்புறம்தான் தெரிந்தது. அக்காவுக்குப் பச்சை பிடிக்கவில்லை. அன்றைக்கு உட்கார்ந்து எழுதியதுதான் இந்தப் படிவம். எந்தெந்தக் கணக்குகள் இருக்கின்றன, உள்ளே நுழையக் கேட்கும் ஓ.டி.பி. குறியீடு யார் போனுக்குப் போகும், என்ன நிறம், எந்தச் சொல் கூடாது, யார் ஒப்புதல் தர வேண்டும், மூன்று மாதத்தில் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று நீண்டுகொண்டே போகும். கடைசியில் ‘என் பொறுப்பு’, ‘உங்கள் பொறுப்பு’ என்று இரண்டு பத்திகள்.

இப்போது அவளுக்கு ஒரு பெரிய வாடிக்கையாளர் தேவைப்பட்டார். முன்பு பார்த்த அலுவலக வேலையை விட்டு வந்தபோது பழைய மேலாளர் நல்ல மனதோடு, “ஆறு மாசம் வரைக்கும் உன் சீட்டைக் காலியா வச்சிருக்கேன்” என்று சொல்லியிருந்தார். ஆறாவது மாசக் கடைசி வந்துவிட்டது. அந்த நாற்காலிக்குத் திரும்ப அவளுக்கு மனமில்லை. யாரோ முடிவு செய்ததை யாரோ திருத்தி, கடைசியில் அவள் தலையில் கட்டுகிற இடம் அது. புதிதாக விசாரித்திருந்த ஒரு பொம்மைக் கடைக்காரரின் வேலை கிடைத்தால் அங்கே திரும்பிப் போக வேண்டாம். இல்லாவிட்டால் வேறு வழியில்லை.

பொம்மைக் கடைக்காரர் படிவத்தை நிரப்பி அனுப்பியிருந்தார். எல்லாக் கட்டத்திலும் ‘போன்ல சொல்றேன்’. ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் விரிவான பதில். ‘தயவுசெய்து கடவுச்சொல்லை இங்கே எழுத வேண்டாம்’ என்று அவள் தடித்த எழுத்தில் போட்டிருந்த இடத்தில், கடவுச்சொல்லை முழுசாக எழுதி வைத்திருந்தார். அவள் தலையில் அடித்துக்கொண்டு அதை அழித்துவிட்டு, நேரே கடைக்குக் கிளம்பினாள்.

கடையில் சாவி கொடுத்த ரயில் ஒன்று சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாண்டு எல்லா விசிலையும் ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டட விளையாட்டுப் பெட்டிகளின் மேல் மடிக்கணினியை வைத்தாள்.

“ஏம்மா, இவ்வளவு கேள்வி எதுக்கு? பொண்ணு பார்க்க வந்தாக்கூட இவ்வளவு கேக்க மாட்டாங்களே. நாளைக்கே படம் போட ஆரம்பிச்சிருங்க.”

“ஆரம்பிக்கலாம் சார். முதல்ல பாஸ்வேர்டை மாத்திடுங்க, யாருக்கும் எழுதிக் குடுக்காதீங்க. எனக்கு அது வேண்டவே வேண்டாம். உங்க பேஜுக்குள்ள போய் என்னையும் ஒரு ஆளாச் சேர்த்துவிட்டாப் போதும். வேணாம்னா நாளைக்கே என்னை எடுத்துடலாம்.”

அவர் உற்சாகமாகப் போனை எடுத்துத் தட்டினார். போன் ஒரு குறியீட்டைக் கேட்டது. குறியீடு போன நம்பரின் கடைசி இரண்டு எண்கள் திரையில் தெரிந்தன.

“இது உங்க நம்பரா சார்?”

அவர் முகம் விழுந்துவிட்டது. தெருவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பொம்மைக் கடை, வாசலில் பெரிய கரடி பொம்மையோடு நின்றது. அங்கே பார்த்தார்.

“மச்சான் நம்பர். தங்கச்சி வீட்டுக்காரர். இங்கேதான் இருந்தாரு. பேஜெல்லாம் அவர் ஆரம்பிச்சதுதான். ஒரு வார்த்தை முன்னே பின்னே போச்சு, எதிர்லயே கடையைப் போட்டுட்டாரு. பேச்சுவார்த்தை கிடையாது.” சட்டென்று நிமிர்ந்தார். “விடுங்க, புதுசா ஒரு பேஜ் தொறந்துடலாம்.”

அவளுக்கு நாக்கு நுனி வரை ‘சரி சார்’ வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அன்றே வேலை கைக்கு வந்திருக்கும். பழைய பேஜில் இத்தனை ஆண்டுகளாகச் சேர்ந்த வாடிக்கையாளர்களை நினைத்தாள். இந்தக் கடை இருக்கிறதா, என்ன விலை என்று அவர்கள் அங்கேதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பதில் சொல்ல ஆள் இருக்காது.

“அது சரி வராது சார். கடைக்கு ரெண்டு பேஜ் இருந்தா வர்றவங்க குழம்பிடுவாங்க, பழசு உங்க கைக்கும் வராது. அதை வாங்கினாதான் நான் தொடங்குவேன்.”

“அப்போ தொடங்க வேண்டாம். அந்தாளு வாசல்ல போய் நான் நிக்கணுமா?” என்று அவர் ரயிலுக்குச் சாவி கொடுக்கத் திரும்பிக்கொண்டார்.

அவள் மடிக்கணினியை மூடிக்கொண்டு வீடு வந்தாள். கணவனிடம் கொட்டித் தீர்த்தாள்.

“ஏங்க, ஒரு கேள்வியை விட்டிருந்தா என்ன குடி முழுகிப் போயிருக்கும்?”

“அப்படி விட்டா உன்னை என்னன்னு கூப்பிடறது? எனக்கு வேற பேர் வராது” என்றான் அவன். அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. மேலாளருக்கு மெயில் எழுதப் போனவள், ‘வணக்கம்’ என்று தட்டிவிட்டு அப்படியே வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை பொம்மைக் கடைக்காரர் போன் செய்தார். “ஏம்மா, எதிர்க் கடைக்குச் சீக்கிரம் வாங்க” என்றவரின் குரலில் பாதி பயம், பாதி சிரிப்பு.

போனால், மச்சான் கடையின் கல்லா அருகே மாமன் மச்சான் இருவரும் ஒரே போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள். பழைய பேஜை விட மனம் வராமல் பொம்மைக் கடைக்காரரே காலையில் கிளம்பியிருக்கிறார். முதலில் அனுப்பிய குறியீடு காலாவதியாகிவிட்டது. கூச்சத்தில் அவர் தெருவிலேயே நின்றுவிட்டிருக்கிறார். இரண்டாவது முறை உள்ளே வந்தார். மச்சான் எண்களை வாசிக்க வாசிக்க இவர் தவறாகத் தட்டி அதுவும் போயிற்று. மூன்றாவது முறைதான் மச்சான், “மாமா, கண்ணாடியைப் போடுங்க” என்றிருக்கிறார். எண்களைத் தவிர்த்தால், அதுதான் இத்தனை நாளில் அவர் இவரிடம் சொன்ன முதல் வார்த்தை.

கணக்கில் நம்பரும் மின்னஞ்சலும் பொம்மைக் கடைக்காரருடையதாக மாறின. மச்சான் தானே விலகிக்கொண்டார். அவளுக்கும் பதிவு போடுகிற அளவு மட்டும் உரிமை வந்தது. கோபமாகச் செய்ய வேண்டியதை மூவரும் சிரித்துச் செய்து முடித்தார்கள்.

தெரு தாண்டித் திரும்பி வந்ததும் படிவத்தின் மிச்சத்தை நிரப்பினார்கள். நிறம், ஒப்புதல் தருபவர், பதில் சொல்லும் நேரம் எல்லாம் முடிந்தது. “மூணு மாசத்துல என்ன எதிர்பார்க்கறீங்க சார்?” என்று கேட்டாள்.

அவர் எதிர்க் கடையைப் பார்த்தார். “என் தங்கச்சி இந்தக் கடைக்குள்ள வரணும். அவ வந்து ரொம்ப நாளாச்சு.”

அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. தட்டச்சு செய்யப் போன கை நின்றது. முடியாததை முடியும் என்று எழுதும் வழக்கம் அவளிடம் இல்லை.

“சார், இதை நான் ஒத்துக்க முடியாது. என்னால கடைக்கு ஆள் வரவைக்க முடியும், உங்க தங்கச்சியை முடியாது. இதை உங்க பொறுப்புல போட்டுக்கறேன்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “போடுங்க, போடுங்க. எழுதிட்டா அப்புறம் நான் செஞ்சுதானே ஆகணும்?”

“ஆமா சார். பதிவுகளும் விளம்பரமும் என்னுது. இது உங்களுது.”

‘உங்கள் பொறுப்பு’ பத்தியில், கடை நேரம் மாறினால் உடனே சொல்வது என்ற வரிக்குக் கீழே அதை எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, ரயிலுக்குச் சாவி கொடுக்காமல், போனை எடுத்துத் தங்கைக்குப் போன் செய்தார். மணி அடிக்கும் சத்தம் வெளியே வந்த அவளுக்கும் கேட்டது. வாசல்படியிலேயே நின்று, ‘வணக்கம்’ என்று பாதியில் கிடந்த மெயிலை முடித்தாள்: ‘நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் சார், ரொம்ப நன்றி.’ அதை அனுப்பி முடிக்கும் முன்னே உள்ளே பொம்மைக் கடைக்காரர், “நான்தாம்மா, அண்ணன் பேசறேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.