சிவப்பு ரோஜாவுக்குக் கீழே

குளிர்சாதன உதிரிபாகக் கடையில் பத்தொன்பது வருஷமாகக் கவுண்டரில் நிற்கும் அந்தப் பெண்மணிக்குப் பேர் ஒன்று உண்டு. ஆனால் மெக்கானிக்குகள் அத்தனை பேருக்கும் அவள் கவுண்டர் அக்காதான். எந்த மெக்கானிக் எந்த உதிரிபாகம் வாங்குவான் என்று அவளுக்கு மனப்பாடம். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வம்தான் அவளைக் கவிழ்த்தது.

'கடையில் புதுச் சரக்கு வந்தால் சொல்ல' என்று அவள் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தாள். அது வளர்ந்து வளர்ந்து நானூற்று எண்பது பேரானது. ஏசிக் கேள்வி, ஃபிரிட்ஜ் கேள்வி, பழைய கம்ப்ரஸர் விற்பனை, யாரோ ஒருவரின் மாமனாருக்கு ரத்தம் தேவை, நாய் சைக்கிள் ஓட்டும் வீடியோ, எல்லாம் ஒரே குட்டையில் மிதந்தன. காலை ஆறு மணிக்கு ஒருவர் தவறாமல் பனித்துளியோடு ஒரு சிவப்பு ரோஜாவைப் போடுவார். ஆறு வருஷமாக அதே ரோஜா. அவருக்குக் குழுவில் 'குட்மார்னிங்' என்றே பட்டப்பெயர்.

போன மாதம் ஒரு மத்தியானம் இளம் மெக்கானிக் ஒருவன் கேட்டான்: "600 கேஸ் ஃபிரிட்ஜ். கேஸை வெளிய விட்டாச்சு. பைப்பை ஒட்ட வெல்டிங் டார்ச் காட்டலாமா?" நாய் வீடியோவுக்கு வந்த சிரிப்புகளுக்கு அடியில் அந்தக் கேள்வி அமுங்கிப்போனது. அவன் இருபது நிமிஷம் காத்திருந்துவிட்டு டார்ச்சைக் காட்டினான். 600 என்பது தீப்பிடிக்கும் கேஸ்; மிச்சமிருந்தது பற்றிக்கொண்டு வலது கை முழங்கை வரை வெந்தது.

அன்றைக்குக் கவுண்டர் அக்கா சாப்பிடவில்லை. மறுநாளே உட்கார்ந்து குழுவைப் பிரித்தாள். பெரிய குழு இனி அறிவிப்புக்கு மட்டும், நிர்வாகிகள்தான் எழுதலாம். அதன் கீழே ஐந்து சின்னக் குழுக்கள்: ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், வாங்கல் விற்றல், அரட்டை. யார் எதில் என்று அவளே முடிவு செய்தாள். அவளுக்குத்தான் யார் என்ன வாங்குகிறான் என்று தெரியுமே! ஒவ்வொருவரையும் அவரவர் வாங்கும் சாமானைப் பார்த்து உள்ளே போட்டாள். மூன்று மணி நேர வேலை. முடித்ததும் தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே ஒருத்தர் ஷட்டர் அருகில் நின்றார்.

"ஏக்கா, நான் ட்ரம் பேரிங் வாங்குறேன்னா எனக்கு ஏசி தெரியாதா? பதினஞ்சு வருஷம் ஏசியிலதான கெடந்தேன்! என்னை வாஷிங் மெஷின்ல தள்ளிட்டீங்க."

"அய்யோ, தள்ளலைண்ணே..."

"பின்ன, கை புடிச்சா கூட்டிட்டுப் போனீங்க?"

அவருக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர் வந்தார்கள். முப்பது பேர் பேசாமலே விலகிப் போனார்கள். அதைவிட அவளை உறுத்திய விஷயம் ஒன்று இருந்தது. சின்னக் குழுக்களில் கேள்விகள் பதிலில்லாமல் பல்லை இளித்துக்கொண்டு நின்றன. இரண்டு நாளில் ஒன்பது கேள்விகள். பெரிய குழுவில் பதில் வரவில்லை என்று யாரும் திரும்பக் கேட்டதாக நினைவில்லை. யாரோ பதில் சொல்லியிருப்பார்கள் என்றே அவள் நினைத்திருந்தாள்.

அப்புறம்தான் உறைத்தது, இரண்டு நாளாக ரோஜாவைக் காணோம்.

அவரை எந்தக் குழுவில் போட்டோம் என்று பார்த்தாள். அரட்டை. ஆறு வருஷமாக எதுவும் வாங்காத ஆளை வேறு எதில் போடுவது என்று அன்று நினைத்திருந்தாள்.

சாயங்காலம் விலாசம் விசாரித்துப் போனாள். லிஃப்ட் இல்லாத கட்டடம், மூன்றாவது மாடி. கதவைத் திறந்த அவர் மனைவி, "கடை அக்காவா? ரெண்டு நாளா மனுஷன் உர்ருன்னு இருக்காரு, நீங்களே என்னன்னு கேளுங்க" என்று உள்ளே விட்டாள்.

ஜன்னலோரம் நாற்காலியில் அவர் இருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஏசியின் வெளி யூனிட்டை மாட்டும்போது சுவர்த் தாங்கியோடு விழுந்தவர். அதன்பின் இந்தப் படிகளை இறங்கியது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். எதிர்க் கட்டடத்தில் இருபது முப்பது ஏசிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ரெண்டாவது மாடி, இடது ஓரம். ஃபேன் மோட்டார் இன்னும் பத்து நாள்தான் தாங்கும்" என்றார், வணக்கத்துக்குப் பதிலாக.

"மன்னிச்சிருங்கண்ணே. உங்களை அரட்டையில போட்டுட்டேன்."

"வாஸ்தவம்தானே? நான் ரோஜா போடுற ஆளு."

"ஏண்ணே தினமும் அதே ரோஜா?"

அவர் போனை எடுத்து நீட்டினார். "மேல தள்ளிப் பாருங்க. வேகமா தள்ளுங்க."

தள்ளினாள். எழுத்துக் கூட்டத்துக்கு நடுவே சிவப்பாக ஒன்று பளிச்சிட்டது. இன்னும் தள்ளினாள். மறுபடி சிவப்பு.

"நேத்து எதுவரைக்கும் படிச்சேன்னு தெரியணும்ல? அதான் அடையாளம். ரோஜாவுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் படிக்காதது. நாலு மணிக்கு எந்திரிச்சு எல்லாத்தையும் படிப்பேன். பதில் கெடைக்காத கேள்வி எதுன்னு பொறுக்கி, கேட்டவனுக்குத் தனியா பதில் போடுவேன். முடிச்சிட்டு ஒரு ரோஜா."

"குழுவிலேயே சொல்லியிருக்கலாமேண்ணே?"

"நானூத்தி எண்பது பேர் முன்னாடி, இதுகூடத் தெரியாதான்னு எவனாவது சிரிச்சா அப்புறம் அவன் கேக்கவே மாட்டான்."

அவள் அவர் அனுமதியோடு தனிச் செய்திகளைத் திறந்தாள். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. விரல் வலிக்கத் தள்ளியும் பட்டியல் முடியவில்லை. தினம் கவுண்டரில் மார்தட்டிப் பேசும் பெரிய பெரிய ஆட்கள்கூட அதில் இருந்தார்கள். வாஷிங் மெஷின் அண்ணனும் இருந்தார். ஆறு வருஷம், ஒரு நாள் விடாமல்! பத்தொன்பது வருஷமாக எல்லாரையும் தெரியும் என்று நினைத்திருந்தோமே, இவரைத் தெரியவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அவர் கடைசியாக அனுப்பிய செய்தி பட்டியலின் உச்சியில் இருந்தது. வெந்த கைக்காரனுக்குப் போனது: 'கேஸை விட்டாலும் கம்ப்ரஸர் ஆயில்ல ஊறி நிக்கும் தம்பி. வாக்குவம் போட்டு நைட்ரஜன் விட்டு ஊது. ஜன்னலைத் திற. டார்ச் வேண்டாம், நெருப்பில்லாம பைப்பை இணைக்கிற லாக்ரிங் போடு.' அனுப்பிய நேரம் மறுநாள் காலை ஐந்தரை.

"மத்தியானம் கேட்டிருக்கான். நான் காலையிலதான் படிச்சேன்" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து இருவரும் எல்லாவற்றையும் மாற்றினார்கள். யாரையும் யாரும் உள்ளே போடுவதில்லை. ஐந்து குழுக்களின் கதவும் எல்லாருக்கும் திறந்திருக்கும். வேண்டியவர் வேண்டியதில் தாமே தட்டி நுழையலாம். ஐந்திலும் இருக்கலாம், ஒன்றிலும் இல்லாமலும் இருக்கலாம், பெரிய குழுவில் இடம் அப்படியே இருக்கும். விலகிய முப்பது பேருக்கும் அவளே தனித்தனியாக மன்னிப்புக் கேட்டு அழைப்பு அனுப்பினாள். கடைசியாக, அறிவிப்புக் குழுவில் அவரையும் நிர்வாகியாக்கினாள்.

"நான் எதுக்கு? நான் ஒண்ணும் வாங்கலையே" என்றார்.

"உங்க ரோஜா இல்லாம பொழுது விடியலைண்ணே. அதுக்குக் கீழ மட்டும் ரெண்டு வரி எழுதுங்க."

மறுநாள் ஆறு மணிக்கு நானூற்றுச் சொச்சம் போன்களிலும் அதே பனித்துளி ரோஜா வந்தது. கீழே எழுதியிருந்தது: 'வாஷிங் மெஷின்ல மூணு கேள்வி, ஏசியில ரெண்டு, ஃபிரிட்ஜ்ல ஒண்ணு நிக்குது. தெரிஞ்சவங்க போய்ச் சொல்லுங்க. யார் கேட்டாலும் சிரிக்காதீங்க.'

கவுண்டர் அக்கா அவசரமாக ஃபிரிட்ஜ் குழுவைத் திறந்தாள். யாரோ ஒரு புதுப் பையன் கேட்டிருந்தான்: '600 கேஸுக்கு டார்ச் காட்டலாமா?'

அதன் கீழே பதில் ஏற்கெனவே வந்திருந்தது. குரல் பதிவு. வெந்த கையால் இன்னும் எழுத முடியாத ஒருவன் பேசியிருந்தான்.

"காட்டாத தம்பி. நான் சொல்றேன் கேளு."