அருள்மணி கேட்காமல் விட்ட மூன்றாவது கேள்வி

கடுகெண்ணெய் மணத்திலேயே பிறந்து வளர்ந்த டெல்லிக்காரர்களிடம் போய்க் கடலை எண்ணெய் விற்பதென்றால் கொஞ்சம் கிறுக்கு வேண்டும். அருள்மணிக்கு அது தேவைக்கு மேலேயே இருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை நாராயணாவில் ஒரு கூரியர் கம்பெனியில் கணக்கு எழுதுவார். சனி, ஞாயிறு வந்துவிட்டால் பையில் நான்கு சாம்பிள் பாட்டில்களைப் போட்டுக்கொண்டு துவாரகாவிலிருந்து மெட்ரோ ஏறிவிடுவார். கொடுமுடிப் பக்கத்தில் நாச்சிமுத்து ஐயா நடத்தும் எண்ணெய் மில்லுக்கு டெல்லியில் அவர்தான் ஏஜெண்ட். பதினொரு வருடங்களாக அப்படித்தான்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் உழைத்திருக்கிறார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் ஏழு தடவை விரட்டி, எட்டாவது தடவை அலுத்துப்போய் இரண்டு டின் வாங்கினார். சாணக்யபுரியில் ஒரு மாநில விருந்தினர் இல்லத்துச் சமையற்கட்டைப் பிடிக்க ஒன்றரை வருடம் ஆயிற்று. அங்கே தலைமைச் சமையல்காரர் ஜோதிலிங்கம். அருள்மணி கொடுத்த எண்ணெயில் வடை சுட்டுப் பார்த்துவிட்டு, "இதை விட்டா வேற எண்ணெய் இந்தக் கட்டுக்குள்ள வராதுங்க" என்று சொன்னார், சொன்னபடி நின்றார். அந்த ஒரு சமையற்கட்டின் ஆர்டர்தான் அருள்மணியின் கமிஷனில் பாதிக்கு மேல்.

ஏற்பாடு எழுத்தில் எதுவும் கிடையாது. நூற்றுக்கு நாலு கமிஷன். சரக்கு வாங்கியவர் பணம் கட்டிய பிறகு, அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் அருள்மணியின் பேங்கில் விழும். ஆர்டரை அருள்மணி அனுப்பினாலும் சரி, கடைக்காரரே நேராக மில்லுக்குப் போன் போட்டாலும் சரி, "அது அருளோட கஸ்டமருப்பா" என்று நாச்சிமுத்து ஐயா சொல்லிவிடுவார், கமிஷன் வந்துவிடும். யார் யாருடைய ஆள் என்பதெல்லாம் ஐயாவின் மண்டைக்குள் இருந்தது. எழுபத்தாறு வயது மண்டை என்பதை அருள்மணி யோசிக்கவில்லை.

போன மார்ச்சில் கூரியர் கம்பெனி ஆபீஸை மானேசருக்கு மாற்றியது. போக வர நாலரை மணி நேரம். வருகிறவர்கள் வரலாம், வராதவர்கள் முப்பத்தொன்றாம் தேதிக்குள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். அருள்மணிக்கு ஐம்பத்திரண்டு வயது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எண்ணெயில் இறங்கினால் என்ன என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. அவர் மனைவி தங்கம் அவ்வளவு சீக்கிரம் மயங்குகிற ஆள் இல்லை.

"மில்லுல இப்ப ஐயா பேத்திதான பாக்குது? அந்தப் புள்ளகிட்ட எல்லாத்தையும் தெளிவாக் கேட்டுப்போட்டு அப்பறம் எழுதிக் குடுங்க" என்றாள்.

மகள் ஷ்ரேயா காலேஜில் படிப்பவள், டெல்லியிலேயே பிறந்தவள். அவளிடம் போனைக் கொடுத்து மில்லுக்கு மெசேஜ் அடிக்கச் சொன்னார். அவள் கேட்டாள்: "அப்பா, தீன் சீஸ், மூணு விஷயம் கேக்கணும்ல? கமிஷன் எவ்வளவு, எப்போ பேமெண்ட், அப்புறம் எந்த ஆர்டருக்கெல்லாம் உண்டு. நீ அனுப்பாம அவங்களே டைரக்டா போட்டா கிடைக்குமா, அது."

"மூணாவது வேண்டாம் கண்ணு."

"க்யூங்? ஏன்?"

"ஐயா பாத்தா என்ன நெனைப்பாரு? பதினோரு வருசமா ஒரு ஆர்டரக்கூட மறைச்சதில்ல அந்த மனுசன். இப்பப் போயி, எனக்கு எதெதுக்குத் தருவீங்கன்னு கேட்டா, சந்தேகப்படற மாதிரி ஆயிரும். எடுத்துரு."

ஷ்ரேயா தோளைக் குலுக்கிவிட்டு அந்த வரியை அழித்தாள். இந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. கடையில் கத்தரிக்காயைக் கிலோவுக்கு எவ்வளவு என்று நாலு முறை கேட்பவர் அருள்மணி. சோற்றுக்கு வழி செய்கிற விஷயத்தில் மட்டும் அவருக்கு மரியாதை குறுக்கே வந்து நின்றது.

ஐயாவின் பேத்தி மானசா அன்றைக்கே மெயில் அனுப்பிவிட்டாள். நல்ல பெண், சுறுசுறுப்பு. கமிஷன் நாலு சதவிகிதம், வரி சேர்க்காத விலைக்கு. வாங்கியவரின் பணம் வந்த மாதத்துக்கு அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி. 'உங்கள் வழியாக வரும் ஆர்டர்களுக்கு' என்று ஒரு வார்த்தையும் அதில் இருந்தது. அருள்மணி அதைப் படித்தார், தலையாட்டினார், அடுத்த வரிக்குப் போனார். முப்பதாம் தேதி கூரியர் கம்பெனியில் எழுதிக் கொடுத்தார்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி சாணக்யபுரியில் சமையற்கட்டுக் கான்ட்ராக்ட் கைமாறியது. வருடா வருடம் நடக்கிற டெண்டர்தான். பழைய கான்ட்ராக்டர் போய் ரமேஷ்குமார் என்பவர் வந்தார். சமையல்காரர்கள் மாறவில்லை. ஜோதிலிங்கம் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இதே எண்ணெய்தான் வேண்டும் என்று. ரமேஷ்குமார் அருள்மணியைக் கூப்பிட்டார். கையிருப்பு நாலு நாளைக்குத்தான், ஜல்தி வேண்டும் என்றார். அருள்மணி தானே மில்லின் நம்பரைக் கொடுத்து, நேராகவே ஆர்டர் போடுங்கள், ஒரு நாள் மிச்சமாகும் என்று சொன்னார். பழைய கான்ட்ராக்டரும் அப்படித்தானே போட்டுக்கொண்டிருந்தார்! அவருக்கு அதில் எந்த உறுத்தலும் தோன்றவில்லை. லாரி ஏழாம் நாள் வந்தது. ஜோதிலிங்கம் நடுவில் மூன்று நாள் எங்கோ கடன் வாங்கிச் சமாளித்தார்.

மே மாதம் வந்த கமிஷன் பட்டியலில் விருந்தினர் இல்லம் இல்லை. அருள்மணி பதறவில்லை. புது ஆள், பணம் கட்டத் தாமதம் பண்ணியிருப்பார், வந்தால்தானே கமிஷன் என்று தங்கத்துக்கு விளக்கினார். ஜூன் மாதப் பட்டியலிலும் இல்லை. ஜோதிலிங்கத்தைக் கூப்பிட்டுக் கேட்டதில், ரமேஷ்குமார் ஏப்ரல் சரக்குக்கே முன்பணமாகக் கட்டிவிட்டார் என்று தெரிந்தது. அருள்மணி கொடுமுடிக்குப் போன் போட்டார்.

"அங்கிள், அது புதுக் கஸ்டமருங்க" என்றாள் மானசா. "பில் போடறது ஜி.எஸ்.டி. நம்பர வெச்சுத்தான். பழைய கான்ட்ராக்டர் நம்பர் உங்க பேர்ல பதிஞ்சிருந்துச்சு. இது வேற நம்பர். ஆர்டரும் நேரா எங்களுக்கே வந்துச்சு, உங்க பேரே அதுல இல்லீங்க."

"நான்தான் கண்ணு நம்பரே குடுத்தேன். அந்தக் கட்டுக்குள்ள எண்ணெயக் கொண்டு போனதே நான்தான்."

"உண்மைதான் அங்கிள். ஆனா எனக்கு அது தெரியாதுங்க. ஏஜெண்ட் யாருன்னு ரமேஷ்குமார்கிட்டக் கேட்டேன், யாரும் இல்லீன்னாரு. ஏஜெண்ட் இல்லாததால மூணு பர்சென்ட் விலை குறைச்சுக் குடுத்துட்டேன். வருச ரேட்டு, எழுதிக் குடுத்தாச்சு. இப்ப உங்களுக்கும் குடுத்தா எங்களுக்குக் கட்டுபடியாகாது." பிறகு அவளே சொன்னாள்: "மார்ச்சுல நீங்க கேட்டப்ப ரேட்டும் தேதியும்தான் கேட்டீங்க. எந்த ஆர்டருக்குன்னு கேட்டிருந்தா, கான்ட்ராக்டர் மாறினா உடனே சொல்லிருங்கன்னு சொல்லியிருப்பேன்."

அருள்மணி போனை வைத்தார். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவருக்குத் தாங்கவே முடியாமல் இருந்தது. யாராவது ஏமாற்றியிருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது இருக்கலாம்.

மறுநாள் சாணக்யபுரிக்குப் போனார். அடுத்த ஆர்டரிலாவது தன் பெயரை எழுதும்படி ரமேஷ்குமாரைக் கேட்டார். அவர் டீ வரவழைத்துக் கொடுத்தார், தன்மையாகத்தான் பேசினார். "பாயி சாப், பீச் மே ஏஜெண்ட் ஆயா தோ மேரா டிஸ்கவுண்ட் கயா" என்றார். நடுவில் ஏஜெண்ட் வந்தால் தனக்குக் கிடைத்த மூன்று சதவிகிதம் போய்விடுமாம். அவர் இடத்தில் இருந்தால் அருள்மணியும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஜோதிலிங்கம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, முகம் கொடுக்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

மானேசர் வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. வீட்டு லோன் தவணை ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி நாள் தவறாமல் எடுக்கப்பட்டது. 'நான் அப்பவே சொன்னேன்' என்று தங்கம் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் தேவலை என்று அருள்மணிக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவரே உட்கார்ந்து எழுதினார். ஷ்ரேயாவைக் கூப்பிடவில்லை. தான் பிடித்துக் கொடுத்த பதினான்கு கடைகளின் பெயரையும் வரி நம்பரையும் வரிசையாகப் போட்டார். இவர்கள் என் மூலமாக ஆர்டர் போட்டாலும் நேராகப் போட்டாலும் கமிஷன் எனக்கு உண்டா? கடையின் பெயரோ நம்பரோ மாறினால் எத்தனை நாளுக்குள் நான் தெரிவிக்க வேண்டும்? திரும்பி வந்த சரக்குக்குப் பிடித்தம் எப்படி? எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும் என்று முடித்தார். அனுப்பும்போது அவருக்கு வேர்த்தது.

மதியத்துக்குள் மானசாவின் பதில் வந்தது. பதினான்கு பேருக்கும் உண்டு, ஆர்டர் எந்த வழியில் வந்தாலும். கடை கைமாறினால் முப்பது நாளுக்குள் தெரிவித்துப் புது நம்பரைப் பதிய வேண்டும். திரும்பிய சரக்கின் கமிஷன் அடுத்த மாதத்தில் கழிக்கப்படும். கடைசி வரியில், சாணக்யபுரி விருந்தினர் இல்லம் இந்தப் பட்டியலில் சேராது, இதற்குச் சம்மதம் என்று பதில் அனுப்பவும் என்றிருந்தது. அருள்மணி அந்தக் கடைசி வரியையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 'சம்மதம்' என்று அடித்து அனுப்பினார். பதினான்கு கடைகளாவது வேண்டுமே.

சாயங்காலம் நாச்சிமுத்து ஐயா கூப்பிட்டார். பேத்தி மெயிலைப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"என்ன அருளு, லிஸ்ட் போட்டு அனுப்பியிருக்கியாமா? எழுதிக் குடுன்னு கேட்டியாமா?"

"ஆமாங்கய்யா."

"பதினோரு வருசத்துல ஒரு நா கேட்டிருக்கியா நீ? ஒரு துண்டுச் சீட்டுக் கேட்டிருக்கியா?" கிழவர் விடவில்லை. "ஏப்பா, எம்மேல இருந்த நம்பிக்க போயிருச்சா உனக்கு?"

தங்கம் சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஐயா கேட்டதற்கெல்லாம் 'இல்லீங்கய்யா, இல்லீங்கய்யா' என்று ஓடுகிற வாய் அருள்மணியுடையது. இன்றைக்கு அது ஓடவில்லை.

"போகலீங்கய்யா. உங்களுக்கு ஞாபகம் இருந்திருந்தா எனக்கு இது நடந்திருக்காதுங்க. ஏப்ரல் மாசம் அந்தப் புது பில்லு உங்க கண்ணுல படலீங்களா?"

மறுமுனையில் மில் ஓடுவது மட்டும் கேட்டது.

"பட்டுது அருளு" என்றார் நாச்சிமுத்து ஐயா. "புள்ள கொண்டாந்து காட்டுச்சு. சாணக்யபுரின்னு போட்டிருந்துச்சு. எனக்கு அது யாரு புடிச்ச எடம்னு ஞாவகமே வரல."