பஸ் ஏறும் முன் போட்ட ஊசி

பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளியை அப்படியே தூக்கிக்கொண்டு போவது எங்கள் பக்கத்தில் அசிங்கம். தலை வாரி, துவைத்த சட்டை மாட்டி, திருநீறு இட்டுத்தான் பஸ் ஏற்றுவோம். காய்ச்சல்காரராக இருந்தால் இன்னொன்றும் உண்டு. பட்டம் இல்லாமல் வைத்தியம் பார்க்கும் ஊர் ஆர்எம்பி டாக்டரிடம் ஒரு ஊசி போட்டு, சூட்டை இறக்கி, ஆள் நிமிர்ந்து உட்காரும்படி ஆக்கிவிட்டுத்தான் கிளம்புவோம். ஆந்திராவில் நாகலாபுரத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரிலிருந்து திருப்பதிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். நடுவழியில் ஆள் சுருண்டு விழுந்தால் கண்டக்டர் இறக்கிவிட்டுப் போய்விடுவான்.

என் வீட்டுக்காரருக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை போட்டுக்கொண்டு நாற்றுக்குள் இறங்கினால் மயக்கம் வருகிறது என்று மழைக்காலம் முழுக்க மாத்திரையை நிறுத்திவிடுவார். நான் கத்துவேன். "நீ இன்னா டாக்டருக்குப் படிச்சியா" என்பார். குதிகால் இரண்டிலும் பித்தவெடிப்பு. அதோடு வெறுங்காலில் பொழுதுக்கும் சேற்றில் நிற்பார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்தது. நடவு முடிந்த வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலம் குளிர் உதறும், விடியும்போது போர்வை நனைந்திருக்கும். ஊர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து டைபாய்டு என்றார். நாலு நாள் மாத்திரை, அப்புறம் வேறு மாத்திரை. பத்து நாள் போயிற்று, பதினாலு நாளும் போயிற்று. தின்றதெல்லாம் வாந்தி. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

பதினைந்தாம் நாள் திருப்பதிக்குப் போவதென்று முடிவு செய்தேன். ஊர் டாக்டரை வீட்டுக்கே வரச் சொன்னேன்.

"அண்ணா, நல்ல ஊசியா ஒண்ணு போடு. பஸ்ல உக்காந்துக்கினு வரணும் இவரு."

"ஒண்ணு இன்னாத்துக்கு, ரெண்டாவே போட்டு அனுப்பறேன்" என்றார் அவர். ஒன்று கையில், ஒன்று இடுப்பில். ஒரு மணி நேரத்தில் என் வீட்டுக்காரர் எழுந்து தானே சட்டை மாட்டிக்கொண்டார். புத்தூரில் பஸ் மாறும்போது இட்லி கேட்டு வாங்கித் தின்றார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு லேடி டாக்டர். தெலுங்கில்தான் பேசினார். அது எங்களுக்கு வேறு பாஷை என்று தோன்றியதே இல்லை. சர்க்கரை நானூறைத் தொட்டிருந்தது. எக்ஸ்ரேயில் வலப்பக்க நுரையீரலில் வெள்ளையாக ஒரு திட்டு. இரண்டு கையிலிருந்தும் ரத்தம் எடுத்து, குண்டு குண்டுப் பாட்டில்களில் விட்டார்கள். எவ்வளவு ரத்தம் எடுப்பார்கள் என்று எனக்குக் கோபம். டாக்டர் கோபப்படாமல் சொன்னார். காய்ச்சல் பல கிருமியால் வரும், பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். இந்தப் பாட்டிலில் கிருமிக்குத் தீனி இருக்கிறது, நாற்றங்காலில் விதை போடுவதுபோல. சில நாள் வைத்துப் பார்த்தால் எது முளைக்கிறதோ அதுதான் காய்ச்சலுக்குக் காரணம், அதற்கு எந்த மருந்து கேட்கும் என்பதும் தெரிந்துவிடும். இதற்குப் பெயர் கல்ச்சர் டெஸ்ட்.

அப்புறம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "இக்கடிகி வச்சே முந்து ஏமைனா இஞ்செக்ஷன் வேயிஞ்சாரா?" இங்கே வருவதற்கு முன் ஏதாவது ஊசி போட்டீர்களா என்று.

"லேது மேடம்" என்றேன். இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆர்எம்பியிடம் போனோம் என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும் திட்டுவார்கள். எங்கள் ஊரில் இரண்டு பேர் அப்படித் திட்டு வாங்கி வந்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவரும் வாயைத் திறக்கவில்லை.

ஐந்து நாள் வார்டில் இருந்தோம். கல்ச்சரில் எதுவும் முளைக்கவில்லை. சளியிலும் டிபி கிருமி இல்லை. ஆனாலும் திட்டும் எடை குறைந்ததும் டிபி மாதிரியே இருக்கிறது என்று டிபி மாத்திரை கொடுத்தார்கள். "ஒரு வாரத்துல காய்ச்சல் விடலேன்னா உடனே வாங்க. மறுபடி ரத்தம் எடுக்கணும்" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார் டாக்டர்.

காய்ச்சல் விடவில்லை. டிபி மாத்திரை மெதுவாகத்தான் கேட்கும் என்று ஊரில் ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நானும் நம்பினேன். நம்பிக்கொண்டு இருபது நாள் உட்கார்ந்திருந்தேன். இருபதாம் நாள் காலையில் இடப்பக்க விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டு, "மூச்சு வுட முடியலமே" என்றார்.

அன்றைக்கு ஊர் டாக்டர் சித்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மழையில் பஸ்ஸும் இல்லை. என் கொழுந்தனார் யாரிடமோ கார் கேட்டு வாங்கி வந்தார். தலை வாரவில்லை, சட்டை மாற்றவில்லை. உடம்பு அனலாய்க் கொதிக்க அப்படியே கொண்டுபோய்ப் போட்டோம். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த நேரத்திலும் அழுக்கு வேட்டியைப் பார்த்து வெட்கப்பட்டேன், என்ன ஜென்மம் நான்.

ஸ்கேனில் கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள். அதே லேடி டாக்டர் ஊசியால் சீழ் உறிஞ்சி எடுத்தார். மறுபடி குண்டுப் பாட்டில்களில் ரத்தம். பெரிய மருந்தை ரிசல்ட்டுக்குக் காத்திராமலே ஏற்றினார்கள். பிரஷர் ஏறவே இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் போய்விட்டார்.

நாலாம் நாள், வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது என் போன் அடித்தது. லேடி டாக்டர்.

"அம்மா, ரிப்போர்ட் வந்துடுச்சு. ரத்தத்துலயும் சீழ்லயும் ஒரே கிருமி. டிபி இல்ல. மெலியாய்டோசிஸ்னு பேரு. சேத்துலயும் மழைத்தண்ணியிலயும் இருக்கும். கால் வெடிப்பு வழியா உள்ள போகும், மூச்சு வழியாவும் போகும். சர்க்கரை இருக்கறவங்களைத்தான் ரொம்பப் பிடிக்கும். இதுக்கு மருந்து இருக்கும்மா. ரெண்டு வாரம் ஊசி, அப்புறம் மூணு மாசத்துக்கு மேல மாத்திரை. ஆரம்பத்துலயே குடுத்திருந்தா நிறைய பேர் பிழைச்சிருக்காங்க."

மருந்து இருக்கிறது என்ற சொல்லிலேயே காது அடைத்துவிட்டது.

"முதல் தடவை ஏன் முளைக்கலேன்னு எனக்குப் புரியல. சில சமயம் அப்படி ஆகும். ஆனா ஊசி போட்டிருந்தா கிருமி பாதி அடங்கி, பாட்டில்ல முளைக்காமலே போயிடும். வியாதி போகாது, டெஸ்ட்ல மட்டும் தெரியாது. நான் திட்ட மாட்டேம்மா. அன்னைக்கு ஏதாவது போட்டீங்களா?"

வாசலில் ஊர் டாக்டர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், துக்கம் கேட்க வந்தவர்.

"ரெண்டு போட்டோம் மேடம். நான்தான் போடச் சொன்னேன்."

டாக்டர் மெதுவாகக் கேட்டார். "வீட்ல வேற யாருக்காவது சர்க்கரை இருக்கா? வயல்ல இறங்கறவங்க?"

"கொழுந்தனாருக்கு இருக்கு மேடம்."

"காலை மூடிக்கிட்டு இறங்கச் சொல்லுங்க. மாத்திரையை நிறுத்த வேணாம்னு சொல்லுங்க. காய்ச்சல் வந்தா நேரா இங்க கூட்டிட்டு வாங்க."

"ஊசி போடாம இட்டுக்கினு வரேன்" என்றேன். அந்த வாக்கியத்தை ஒரு மாசம் தாமதமாகச் சொன்னேன்.

கொழுந்தனாருக்கு அன்றைக்கே முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிவரச் சொன்னேன். அண்ணன் செத்த பயத்தில் மறுபேச்சுப் பேசாமல் போட்டுக்கொண்டார். சர்க்கரை மாத்திரையை நானே கையில் கொடுத்து, விழுங்கும் வரை நிற்கிறேன். இதெல்லாம் ஏன் என்று அவரிடம் சொன்னேன். ஊசியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அப்பா எப்படிப் போனார் என்று என் மகளிடம் யாராவது கேட்டால், "நைனா டிபில போயிட்டாரு" என்கிறாள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். இல்லை என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.