நான்காம் நிபந்தனை

வக்கீல் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ‘சுருக்கம்’தான். நாற்பது பக்க உத்தரவையும் ஒரே தாளில் அடக்கிவிடுவார். கணவர் போன பிறகு தட்டச்சு வேலைக்கு வந்தவர். இருபத்திரண்டு வருடமாக அதே ஜன்னலோர மேஜை. தாளின் இடப்பக்கம் காரணங்கள், வலப்பக்கம் நிபந்தனைகள்.

அன்று வந்தது ஒரு கொலை வழக்கின் ஜாமீன் உத்தரவு. கிடங்கில் நடந்த சண்டையில் காவலாளி ஒருவர் அடிபட்டு இறந்திருந்தார். வழக்கில் மூன்றாவதாகக் குற்றம்சாட்டப்பட்ட கிடங்கு மேற்பார்வையாளர், வக்கீலின் கட்சிக்காரர், எழுபது நாளாகச் சிறையில் இருந்தார்.

சுருக்கம் எழுதினார்: குற்றம் கடுமையானது, ஆயுள் தண்டனை வரை போகலாம். ஆனால் கடுமையை மட்டும் வைத்து ஜாமீன் மறுக்க முடியாது. இவர் அங்கே நின்றார் என்கிறார்களே தவிர, அடித்தார் என்று எந்தச் சாட்சியும் சொல்லவில்லை. தப்பி ஓடும் அபாயம் குறைவு. முன்வழக்கு இல்லை, சொந்த வீடு இதே ஊரில், பக்கவாதத்தில் படுத்திருக்கும் மனைவி, பள்ளிக்குப் போகும் மகள்.

வலப்பக்கம்: இரண்டு ஜாமீன்தாரர்கள். பாஸ்போர்ட் ஒப்படைப்பு. சாட்சிகளைக் கலைக்கக் கூடாது. நான்காவது, சாட்சிகள் இங்கேயே இருப்பதால் மறு உத்தரவு வரை ஊர் எல்லைக்குள் வரக் கூடாது. வெளியூர்க் காவல் நிலையத்தில் தினமும் காலை பத்து மணிக்குக் கையெழுத்து.

எழுதிய கை நின்றது. தாளை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனார்.

“சார், குடும்பம் இங்க இருக்கு, ஓட மாட்டார்னுதான் விடுறாங்க. அந்தக் குடும்பத்துக்கிட்டயே போகக்கூடாதுங்கறாங்க.”

“பாத்தேம்மா. இப்பவே போய் நின்னா ஜட்ஜுக்குப் பிடிக்காது. பத்து நாள் ஒழுங்கா கையெழுத்துப் போடட்டும், அப்புறம் தளர்த்தக் கேப்போம்.”

அதிலும் நியாயம் இருந்தது. தாளோடு மேஜைக்குத் திரும்பினார்.

மேற்பார்வையாளர் வெளியூரில் ஒரு அறை எடுத்துத் தங்கினார். ஒரு நாள் தவறவில்லை. நிபந்தனையைத் தளர்த்தக் கோரிய மனு பதினோராம் நாள் தாக்கலாகி, திங்கட்கிழமை விசாரணைக்கு வருவதாக இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் மனைவி இறந்துவிட்டார்.

“கோர்ட் உத்தரவு இல்லாம நான் எப்படிம்மா விட முடியும்?” என்றார் ஆய்வாளர், இறுதிச் சடங்குக்கு மட்டும் விடச் சொல்லிப் போனில் கேட்ட சுருக்கத்திடம். நீதிமன்றம் திறக்கும்வரை காத்திருக்க உறவினர்களால் முடியவில்லை. ஞாயிறு மதியம் உடலை எடுத்துவிட்டார்கள். மகள் மட்டும் அதைப் போனில் வீடியோ அழைப்பில் அப்பாவுக்குக் காட்டியபடி நின்றாள்.

திங்களன்று நான்காம் நிபந்தனையை நீதிபதி ரத்து செய்தார். அந்த ஒன்றரைப் பக்க உத்தரவுக்கும் சுருக்கம்தான் குறிப்பு எழுதினார். இடப்பக்கத்தில் “மனைவி இறந்துவிட்டதால்” என்று எழுதவே நெடுநேரம் பிடித்தது.

மறுநாள் மேற்பார்வையாளர் நகல் வாங்க வந்தார். சவரம் செய்யாத முகம்.

“இதுல என்னக்கா போட்டிருக்கு?”

படித்துக் காட்டினார்.

“அப்ப வீட்டுக்குப் போலாமா?”

“போலாம் தம்பி. பொண்ணு காத்துட்டிருக்கும்.”

அவர் தலையாட்டினார். ஆனால் எழுந்திருக்கவில்லை. சுருக்கம் தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கட்டுக்கட்டாக உத்தரவுகள் மேஜையில் கிடந்தன.