பெயர் வெட்டிய கல்

பொற்கொடியைப் பேச விட்டால் கிரானைட்டே கரைந்துவிடும் என்று எங்கள் பர்கூர் பட்டறையில் கேலி செய்வோம். கல்லறைக் கற்களில் பெயர் வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி எங்களுடையது. ஏற்றுமதி மெயில்களை அவள் பார்க்கிறாள், பெட்டிகளை லாரியில் ஏற்றுவது நான்.

போன வருடம் போலந்திலிருந்து மார்த்தா என்ற புது வாடிக்கையாளர் விசாரித்தார். முதலாளி ராஜசேகர் தன் வழக்கமான ஒற்றை வரியைத் தட்டிவிட்டார்: முப்பது சதவீதம் அட்வான்ஸ், பாக்கி நெட் தேர்ட்டி, அதாவது முப்பது நாளுக்குள். பதில் சூடாக வந்தது. அட்வான்ஸை விலைக்கு மேல் தனி டெபாசிட் என்று நினைத்துக்கொண்டு, அதைக் கட்ட முடியாது என்றார். கல் கைக்கு வந்து முப்பது நாள் கழித்துத்தான் பணம்.

"விடும்மா. இனிமே ஏஜென்ட் மூலமாவே வித்துக்கலாம். கமிஷன் போனா போவுது" என்றார் முதலாளி.

ஏஜென்ட் வந்துவிட்டால் பொற்கொடியின் மேசைக்கே வேலை கிடையாது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அந்தம்மா மேல தப்பில்லைங்க சார். நாம கப்பல்ல ஏத்துன தேதியில இருந்து முப்பது நாளுன்னு கணக்கு வெச்சிருக்கறோம். கப்பல் போய்ச் சேரவே அதுக்கு மேல ஆவுது. கல்லைப் பாக்காமலே மொத்தப் பணமும் கட்டுன்னா யாரு கட்டுவாங்க? அறுபது நாளு குடுங்க, நான் பேசறேன்."

அவர் அரை மனதாகத் தலையாட்டினார். அவ்வளவு போதும் அவளுக்கு. மார்த்தாவை வீடியோவில் அழைத்து, போனோடு பட்டறைக்குள் நடந்தாள். நாங்கள் டீ கேன் வைக்கும் மேடையிலிருந்து கேனைத் தூக்கினாள். அடியில் பளபளவென்று ஒரு கல், அதில் யாரோ ஒருவரின் பெயர்.

அவளுடைய ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "இதை வெட்டச் சொன்னவர் பிறகு வேண்டாம் என்றுவிட்டார். இந்தப் பெயரை வேறு யாருக்கு விற்பேன்? அட்வான்ஸ் விலைக்கு மேல் இல்லை. விலையில் ஒரு பங்குதான், கடைசி பில்லில் கழித்துவிடுவோம். அது எங்கள் வங்கிக்கு வந்த பிறகே பெயர் வெட்டுவோம். பாக்கிக்குக் கப்பல் ரசீதின் தேதியிலிருந்து அறுபது நாள். அந்தத் தேதியைப் போடுவது கப்பல் கம்பெனி, நான் இல்லை. கட்ட வேண்டிய கடைசி நாளைக் காலண்டர் தேதியாகவே எழுதி அனுப்புகிறேன்."

மார்த்தா சிரித்துவிட்டார். "இதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருக்கலாமே" என்றார்.

அந்த வாரமே அட்வான்ஸ் வந்தது. கடைசி நாளுக்கு முன்பே பாக்கியும் வந்தது. எனக்கு விசில் அடிக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்து லிதுவேனியாவிலிருந்து, மார்த்தாவின் தோழியாம், ஒரு புது மெயில். பொற்கொடி மார்த்தாவுக்கு எழுதி அனுப்பிய வரிகளை அப்படியே கீழே ஒட்டி, இதே நிபந்தனையில் எனக்கும் கல் வேண்டும் என்று கேட்டிருந்தார். முதலாளி அதைப் பட்டறைக்கே கேட்கும்படி வாசித்தார்.

"அந்தப் பழைய ஒத்தை வரியை அழிச்சிடும்மா."

"எப்பவோ அழிச்சாச்சுங்க சார்."

ஏஜென்ட் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவேயில்லை. நேராகப் போய், பெயர் வெட்டிய அந்தக் கல்லின் மேலிருந்த கேனில் டீ பிடித்து, தன் கையாலேயே கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்.